இறுகிப்போன தொட்டியிலிருந்து கறிவேப்பிலையை வேர் கிழியாமல் எடுப்பது

கேள்வி: கறிவேப்பிலைச் செடி மூணு வருஷமா 10 இன்ச் பிளாஸ்டிக் தொட்டியில இருக்கு. நாலடி உயரம். தண்ணி ஊத்தினா உடனே அடியில வந்துடுது, ஆனா செடி வாடியே நிக்குது. பெரிய தொட்டிக்கு மாத்தலாம்னு தண்டைப் பிடிச்சு இழுத்துப் பார்த்தேன், அசையவே இல்ல. அடி ஓட்டை வழியா வேர் வெளிய வந்திருக்கு, அதுல ஒண்ணு சுண்டுவிரல் பருமன். தொட்டி நடுவுல உப்பலா, வாய் உள்பக்கமா மடிஞ்சிருக்கு. வேர் கிழியாம எப்படி வெளிய எடுக்கிறது?

பதில்:

முதலில், இனிமேல் தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். 10 இன்ச் தொட்டியில் ஈரமண்ணும் வேரும் சேர்ந்து 8 முதல் 10 கிலோ வரை இருக்கும். தண்டைப் பிடித்துத் தூக்கும்போது அந்த எடை முழுவதும், அதோடு தொட்டிச் சுவர் பிடித்து வைத்திருக்கும் இறுக்கமும், தண்டும் வேரும் சேருகிற கழுத்துப் பகுதியில் போய் விழுகிறது. கறிவேப்பிலைக்கு அங்கிருந்து ஆணிவேர் நேராகக் கீழே போகிறது. பக்கவேர்கள் சுவரோடு ஒட்டிக் கிடக்க, ஆணிவேர் மட்டும் மேலே வரப் பார்க்கும். கடைசியில் நடுவில் இருக்கும் மண் கூம்பாகப் பிடுங்கிக்கொண்டு வரும், செடிக்குச் சோறு போடுகிற சல்லிவேரெல்லாம் தொட்டிக்குள் ஓடுபோல் தங்கிவிடும்.

ஏற்கெனவே இழுத்ததில் சேதம் ஆகியிருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடலாம். தண்டின் அடியை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். தண்டு, மேல்மண், தொட்டி மூன்றும் ஒன்றாக அசைந்தால் ஒன்றும் ஆகவில்லை. தண்டைச் சுற்றி மண் பிளந்து இடைவெளி தெரிந்தாலோ, உள்ளே நறநறவென்று நார் அறுகிற மாதிரி கேட்டாலோ, ஆணிவேர் பக்கத்தில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் தொட்டி மாற்றுவதை இரண்டு, மூன்று வாரம் தள்ளிப்போடுங்கள். செடியை நிழலில் வைத்து, ஒரு குச்சி நட்டுக் கட்டிவிட்டு, புதுத் துளிர் வந்த பிறகு தொடங்கலாம்.

செடியை உள்ளே பிடித்து வைத்திருப்பது எது என்று தெரிந்தால்தான் எதை எப்படி விடுவிப்பது என்பது புரியும். உங்கள் தொட்டியில் நான்கு பிடிகள் இருக்கின்றன. ஒன்று, ஓட்டை வழியாகப் போன வேர். உள்ளே மெல்லிசாக நுழைந்து வெளியே போய்ப் பருத்துவிட்டதால் அது ஆணிக்குக் கொண்டை வைத்த மாதிரி பூட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு, சுவரைச் சுற்றிச் சுற்றி வளர்ந்த வேர்ப்பாய். அது வெளிப்பக்கம் தள்ளி இறுக்குகிறது, கூடவே உப்புப் படிந்து சுவரோடு ஒட்டவும் ஒட்டிக்கொள்கிறது. மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. ஓட்டைகள் பெரும்பாலும் வேரால் அடைபட்டிருப்பதால் அடியில் காற்று எளிதாக நுழைய வழி இல்லை. மேலே இழுக்க இழுக்க அடியில் வெற்றிடம் உண்டாகி, ஊசிக்குழாயின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அதன் உள்தண்டை இழுப்பதுபோல் திரும்ப உள்ளே உறிஞ்சும். நான்காவது தொட்டியின் வடிவம்: நடுவயிறு அகலம், வாய் குறுகல்.

முதல் மூன்றையும் பொறுமையாக விடுவித்துவிடலாம். நான்காவதை மட்டும் எந்தப் பொறுமையாலும் சரிசெய்ய முடியாது. அதனால் வேலையில் இறங்குவதற்கு முன் ஒரு சின்ன அளவு எடுங்கள். தொட்டியின் வயிறு எங்கே அதிகம் உப்பியிருக்கிறதோ அங்கே ஒரு நூலைச் சுற்றி, அந்த நீளத்தை 3.14 ஆல் வகுத்தால் வயிற்றின் குறுக்களவு வரும். வாயின் உள் அகலத்தை ஸ்கேலால் நேராக அளக்கலாம். உதாரணமாக வயிற்றுச் சுற்று 82 செ.மீ. என்றால் குறுக்களவு 26 செ.மீ. வாய் 23 செ.மீ. என்றால் 3 செ.மீ. வித்தியாசம், அதாவது பக்கத்துக்கு ஒன்றரை செ.மீ. அந்தச் செடியை வாய் வழியாக வெளியே எடுத்தால், சுற்றிலும் ஒன்றரை செ.மீ. வேரை வாயின் மடிப்பு சீவி எடுத்துவிடும். வேர் நிறைந்த தொட்டியில் தண்ணீர் உறிஞ்சும் இளவேர்களில் பெரும்பகுதி அந்த வெளிப்படலத்தில்தான் இருக்கிறது. பக்கத்துக்கு அரை செ.மீ.க்குள் இருந்தால் பிளாஸ்டிக் நெகிழ்ந்து கொடுக்கும், முயன்று பார்க்கலாம். 1 செ.மீ.க்கு மேல் போனால் தொட்டியை வெட்டுவதுதான் சரி. நீங்கள் சொல்கிற வடிவத்துக்கு என் தீர்ப்பு இப்போதே தயார்: தொட்டியை வெட்டுங்கள். மூன்று வருடம் வளர்த்த கறிவேப்பிலையைவிடத் தொட்டி விலை குறைவு.

ஆனால் வெட்டுவதற்கு முன் நாள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பாதி வெற்றி அதில்தான்.

தண்ணீர் ஊற்றியதும் அடியில் வந்துவிடுகிறது, செடி வாடியே நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நடுமண் காய்ந்து சுருங்கிக் கல்லாகிவிட்டது, ஊற்றுகிற தண்ணீர் சுவருக்கும் வேருக்கும் நடுவில் இருக்கும் சந்தில் ஓடிவிடுகிறது. இப்படிக் காய்ந்த நிலையில் எடுத்தால் சல்லிவேர்கள் நூலாம்படைபோல் அறுந்து உதிரும். காய்ந்த வேர் வளையாது, ஒடியும். அதற்காக மண் சொதசொதவென்று இருக்கும்போது எடுத்தாலும் தப்பு. மண் சேறாகி எடை கூடி, வெளியே வந்ததும் தன் பாரத்தில் தானே பிளந்து விழும். விழுகிற ஒவ்வொரு கட்டியும் தன்னோடு வேரை இழுத்துக்கொண்டு போகும். அதோடு மண்ணில் தேங்காய் நார்த்தூள் கலந்திருந்தால் தண்ணீர் குடித்ததும் அது உப்பி, இருப்பதைவிட இறுக்கமாகிவிடும். நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் உள்ள பதம். கையில் எடுத்துப் பிடித்தால் கொழுக்கட்டைபோல் நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது.

இந்தப் பதத்துக்கு வர, முதல் நாள் மாலை தொட்டியை ஒரு அகலமான பாத்திரத்தில் வைத்து, தொட்டியின் முக்கால் உயரம் வரை தண்ணீர் நிரப்புங்கள். மேலேயும் ஒரு குவளை ஊற்றுங்கள். மண்ணிலிருந்து காற்றுக் குமிழிகள் வரும். அவை நிற்கும்வரை, சாதாரணமாக அரைமணி முதல் முக்கால் மணி நேரம் வரை, விட்டுவிடுங்கள். பிறகு வெளியே எடுத்து, இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து வடியவிடுங்கள். ஓட்டை பெரும்பாலும் அடைபட்டிருப்பதால், மண் ஊறிய பிறகு முழுக்க வடிவது மெதுவாகத்தான் நடக்கும். மறுநாள் மாலை வரை, ஏறக்குறைய 20 மணி நேரம் கொடுங்கள். அதுவரை செடி வெயிலில் நிற்க வேண்டாம்.

மாலை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அப்போது பிளாஸ்டிக்கில் கொஞ்சம் வெதுவெதுப்பு மிச்சம் இருக்கும், நெகிழும். செடிக்கும் அடுத்து ஓர் இரவு முழுக்க வெயில் இல்லாத ஓய்வு கிடைக்கும். காலையில் மாற்றினால் அடிபட்ட வேரோடு உச்சி வெயிலைச் சந்திக்க வேண்டியிருக்கும். மாதம் என்று பார்த்தால் தமிழ்நாட்டில் பிப்ரவரி, மார்ச்சில் கறிவேப்பிலை துளிர்க்கத் தொடங்கும் நேரம் நல்லது. ஜூலை, ஆகஸ்டும் பரவாயில்லை. கத்திரி வெயிலிலும், செடி அசந்து கிடக்கும் மார்கழியிலும் வேண்டாம்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கூரான தோட்டக் கத்தரி, 30 செ.மீ. இரும்பு ஸ்கேல், அகலமான பிளேடு உள்ள கட்டர் கத்தி, தகடு வெட்டுகிற கத்தரி அல்லது கட்டிங் பிளேயர், பழைய எக்ஸ்ரே படலம் ஒன்று, இரண்டு சாக்கு, ஒரு பழைய வேட்டித் துணி. கத்தரியையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிடுங்கள். தடிமனான கையுறை அவசியம். புதுத் தொட்டி, மண் எல்லாம் தயாராகப் பக்கத்தில் இருக்கட்டும். செடியை வெளியே எடுத்து வைத்துவிட்டு மண் கலக்கப் போகிறவர்கள் நிறையப் பேர். அந்த அரைமணியில் சல்லிவேர் நுனி காய்ந்துவிடும்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் மேல் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். எப்படியும் கொஞ்சம் வேர் இழப்பு இருக்கும், அதற்கு ஏற்ப இலையும் குறைய வேண்டும். பக்கத்து வீடுகளுக்கும் கொடுக்கலாம். மீதிக் கிளைகளை வேட்டித் துணியால் தளர்வாகச் சுற்றிக் கட்டினால் ஒடியாது.

இப்போது தொட்டியைச் சாக்கின் மேல் பக்கவாட்டில் சாயுங்கள். முதலில் கவனிக்க வேண்டியது அடி ஓட்டைகள். வெளியே தொங்குகிற வேர்களில் பென்சிலைவிட மெல்லியவற்றை ஓட்டையோடு ஒட்ட, ஒரே வெட்டில் வெட்டிவிடுங்கள். வேரை அறுக்காமல் எடுப்பது எப்படி என்று கேட்டால் வெட்டச் சொல்கிறேனே என்று தோன்றும். வெட்டுவதும் கிழிவதும் ஒன்றல்ல. கூரான கத்தரி போட்ட காயம் காசளவுதான், சுற்றிலும் தோல் ஒழுங்காக இருக்கும், அதன் ஓரத்திலிருந்து புதுவேர் கிளம்பும். கிழிந்த வேரில் தோல் நீளமாக உரிந்து உள்ளிருக்கும் நார் வெளியே தெரியும். அங்கே ஈரம் நின்று பூஞ்சை நுழைந்து, அழுகல் வேரின் மேல்நோக்கி ஏறும். வெளியே போய்விட்ட மெல்லிய வேரை ஓட்டை வழியாகத் திரும்ப உள்ளே இழுத்தால் அதன் தோல் முழுக்க ஓட்டையின் விளிம்பில் உரிந்துவிடும். அதைவிட வெட்டுவதே மேல்.

சுண்டுவிரல் பருமன் வேரை மட்டும் அப்படி வெட்ட வேண்டாம். அது ஆணிவேராகவோ, அதன் முதல் கிளையாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். அது வெளியே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பாருங்கள். ஒரு சாண் அளவுக்குள் இருந்தால், வேரை விட்டுவிட்டு ஓட்டையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை வெட்டித் திறப்போம். தரையில் பதிந்து ஓடியிருந்தால் ஓட்டைக்கு வெளியே ஒரு சாண் விட்டு வெட்டிவிடுங்கள். மொட்டைமாடி என்றால் ஓடு பதித்த இடுக்கில் போயிருக்கும், அதைப் பிடுங்கப் பார்க்க வேண்டாம்.

அடுத்தது தொட்டியை வெட்டுவது. வாயிலிருந்து அடி வரை நேர்கோடாக ஒன்று, அதற்கு நேர் எதிர்ப்பக்கம் இன்னொன்று என இரண்டு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அடி ஓட்டைகளில் தடித்த வேர் இருக்கும் ஓட்டை எதுவோ, ஒரு கோடு அதற்கு நேராக இறங்குவதுபோல் பார்த்துக்கொள்ளுங்கள். இது பின்னால் உதவும்.

வாயின் மடிப்புதான் தொட்டியிலேயே தடித்த இடம். அதைத் தகடு வெட்டும் கத்தரியால் இரண்டு கோட்டிலும் நறுக்குங்கள். மடிப்பு திறந்ததும் சுவர் கொஞ்சம் தளரும். அந்த இடத்தில் சுவருக்கும் வேருக்கும் நடுவில் எக்ஸ்ரே படலத்தில் நான்கு விரல் அகலத்துக்கு வெட்டிய ஒரு பட்டையை மெதுவாக இறக்குங்கள். இரும்பு ஸ்கேல் நேரான சுவருக்குத்தான் பொருந்தும். வயிறு உப்பிய தொட்டியில் ஸ்கேல் வளைவுக்கு ஏற்பப் போகாமல் வேருக்குள் குத்தும். படலம் வளைந்து கொடுக்கும். கத்தி தவறினாலும் அது வேரைக் கீறாமல் தடுக்கும். போகாத இடத்தில் வலுக்கட்டாயமாகத் தள்ள வேண்டாம். போன வரை போதும்.

கத்தியை ஒரே அழுத்தில் உள்ளே இறக்கக் கூடாது. கோட்டின் மேல் லேசாக ஒரு கீறல், அதே தடத்தில் இன்னொன்று, மறுபடி ஒன்று என்று நான்கைந்து தடவை இழுங்கள். தொட்டிச் சுவர் இரண்டு, மூன்று மி.மீ. தடிமன்தான். முக்கால் ஆழம் கீறியதும் நிறுத்திவிட்டு, கீறலின் இருபக்கமும் கட்டைவிரலால் அழுத்தி வெளிப்பக்கம் மடக்கினால் கோட்டோடு பிளந்துகொள்ளும். கத்தி முனை வேரைத் தொடவே இல்லை. ஆக்சா பிளேடால் அறுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அறுக்கும்போது பற்கள் உள்ளே போய் வெளிப்படல வேரைத்தான் முதலில் கடிக்கும். கத்தியைச் சூடாக்கி உருக்குவதும் வேண்டாம், புகையும் ஆகாது, உருகிய பிளாஸ்டிக் வேரில் ஒட்டிக்கொள்ளும்.

மூன்று வருடம் வெயிலில் நின்ற தொட்டி என்பதால் ஒரு எச்சரிக்கை. சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்வாங்கித் திரும்ப வந்தால் பிளாஸ்டிக்கில் உயிர் இருக்கிறது. வெள்ளைக்கோடு விழுந்தாலோ சடக்கென்று சத்தம் வந்தாலோ, வெயிலில் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிட்டது. அப்படிப்பட்ட தொட்டியில் கத்தி போட்டால் எங்கெங்கோ பிளந்து கூரான சில்லுகள் வேருக்குள் இறங்கும். அதற்குக் கத்தி வேண்டாம். வாயிலிருந்து தொடங்கிக் கட்டிங் பிளேயரால் வேர்க்கடலைத் தோல் உரிக்கிற மாதிரி துண்டு துண்டாக வெளிப்பக்கம் மடக்கி உடைத்து எடுங்கள். கண்ணில் ஏதாவது கண்ணாடி இருக்கட்டும்.

இரண்டு பக்கமும் பிளந்த பிறகு அடித்தட்டில் வெட்டு. கோடு நேராக இறங்கிய இடத்திலிருந்து தடித்த வேர் இருக்கும் ஓட்டை வரை, வேருக்கு இருபக்கமும் ஒரு விரல்கடை தள்ளி, தகடு கத்தரியால் இரண்டு நறுக்கு. இடையில் உள்ள துண்டு நீங்கினால் ஓட்டை திறந்த வாயாக மாறிவிடும். அந்த ஓட்டையிலிருந்து எதிர்ப்பக்கக் கோடு வரையும் அடித்தட்டை நறுக்கிவிட்டால், வேரை அசைக்காமல் தொட்டியின் பாதியைப் பக்கவாட்டில் நகர்த்தி எடுத்துவிடலாம். மற்ற ஓட்டைகளில் மெல்லிய வேரை ஏற்கெனவே வெட்டிவிட்டதால் தடை இருக்காது.

நகர்த்தும்போது சுவரை வேரிலிருந்து வெடுக்கென்று பிய்க்காதீர்கள். கட்டு ஒட்டிய துணியைப் புண்ணிலிருந்து எடுப்பதுபோல, ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக உரித்துக்கொண்டே போங்கள். எங்காவது வேர் சுவரோடு சேர்ந்து வந்தால் அங்கே கொஞ்சம் தண்ணீர் விட்டு, படலத்தை நடுவில் செருகிப் பிரியுங்கள். ஒரு பாதி நீங்கியதும் செடியைச் சாக்கின் மேலேயே அரை உருட்டு உருட்டி அடுத்த பாதி. இந்த நேரம் முழுக்க உங்கள் கை தாய்மண்ணின், அதாவது வேரோடு சேர்ந்திருக்கும் பழைய மண்கட்டியின், அடியில்தான் இருக்க வேண்டும். செடியை நகர்த்த வேண்டுமானால் சாக்கோடு தூக்குங்கள், இரண்டு பேர் இருந்தால் நல்லது. தண்டைக் கைப்பிடியாக நினைப்பதை மட்டும் மறந்துவிடுங்கள்.

மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், வாய் அகன்று அடி குறுகிய சாதாரணத் தொட்டிக்கு வெட்டாமல் எடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஊறவைப்பதும் ஓட்டை வேரைச் சரிசெய்வதும் அதேதான். பிறகு தொட்டியைச் சாய்த்து, உள்ளங்கையாலோ முழங்காலாலோ சுவரை அழுத்தி, கால்வட்டம் உருட்டி மறுபடி அழுத்தி, இரண்டு முழுச்சுற்று வர வேண்டும். சப்பாத்தி மாவை உருட்டுகிற அழுத்தம் போதும், ஏறி மிதிக்க வேண்டாம். அடுத்து இரும்பு ஸ்கேலைச் சுவரை ஒட்டி நேராக இறக்கி வெளியே எடுத்து, இரண்டு விரல் தள்ளி மறுபடி இறக்க வேண்டும். ஸ்கேலை உள்ளே வைத்துக்கொண்டே சுற்றி இழுத்தால் அது அரிவாளாகிவிடும். வெற்றிடத்தை உடைக்கத் தோட்டக் குழாயின் முனையை அடி ஓட்டையில் அழுத்திப் பிடித்து அரைக் குழாய் திறந்தால் போதும். தண்ணீர் அடித்தட்டுக்கும் வேருக்கும் நடுவில் நுழைந்து செடியைத் தானே மேலே தள்ளும். ஓட்டையில் குச்சி விட்டு இடிப்பதைவிட இது எவ்வளவோ நல்லது. குச்சி வேர்ப்பாயில் துளை போடுமே தவிரச் செடியைத் தள்ளாது. கடைசியாக, ஒருவர் தாய்மண்ணைத் தாங்கிக்கொள்ள, இன்னொருவர் சாய்த்த தொட்டியைப் பின்பக்கம் இழுக்க வேண்டும். தொட்டிதான் நகர வேண்டும், செடி இருந்த இடத்தில் இருக்க வேண்டும்.

சரி, உங்கள் செடி வெளியே வந்துவிட்டது. தொட்டியின் அச்சில் வார்த்த மாதிரி வெள்ளையும் பழுப்புமாக ஒரு வேர்ப்பாய் தெரியும், அடியில் பாதி உயரத்துக்கு வேர் சுருண்டு வட்டாகக் கிடக்கும். இங்கே இரண்டு தவறுகள் நடக்கும். வேர் கிழியக் கூடாது என்ற பயத்தில் அப்படியே தூக்கிப் பெரிய தொட்டியில் வைத்துவிடுவது ஒன்று. சுற்றிப் பழகிய தடித்த வேர் புது மண்ணிலும் அதே வட்டத்தில்தான் பருக்கும், சில வருடத்தில் தன் கழுத்தைத் தானே நெரிக்கும். எல்லா வேரையும் பிரித்து முடியை வாருவதுபோல் வாரிவிடுவது இன்னொன்று. கறிவேப்பிலை அதைத் தாங்காது, மொத்த இலையும் உதிர்த்துவிட்டு நிற்கும்.

நடுவழி இது. அடியில் சுருண்ட வட்டை விரலால் மெதுவாகத் தளர்த்துங்கள். வர மறுக்கும் இடத்தில் தண்ணீர் விட்டு ஒரு மழுங்கிய குச்சியால் நெம்புங்கள். பென்சிலைவிடத் தடித்த வேர் சுற்றியிருந்தால் அதை நீட்டிப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் கீழ்நோக்கி விட்டுவிடுங்கள். கொடுக்காவிட்டால் அது வளையத் தொடங்கும் இடத்தில் கத்தரியால் ஒரே வெட்டு. பக்கச் சுவரில் கூரான கத்தியால் மேலிருந்து கீழாக நான்கு இடத்தில், ஒரு செ.மீ. ஆழத்துக்கு மட்டும் கோடு போடுங்கள். சுற்றும் வேர்கள் அங்கே துண்டாகி, வெட்டிய இடத்திலிருந்து வெளிப்பக்கமாகக் கிளைக்கும். எல்லாம் சேர்த்து வேரில் கால் பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கருத்து, நசுக்கினால் கொழகொழவென்று தோல் கழன்று வரும் வேர் அழுகியது. அது இந்தக் கணக்கில் சேராது, நல்ல பகுதி தெரியும் வரை வெட்டிவிடலாம்.

காகிதப்பூச் செடி வைத்திருப்பவர்கள் மேலே உள்ள பத்தியைத் தாண்டிவிடுங்கள். அதன் வேர் மெல்லியது, முறுக்கினால் ஒடியும், தாய்மண்ணையும் சரியாகப் பிடித்து வைக்காது. அதற்குத் தொட்டியை வெட்டி எடுத்து, வேரைத் தொடாமல் அப்படியே நடுவதுதான் பாதுகாப்பு.

உங்களுக்கு அடுத்த தொட்டி 14 இன்ச். சுற்றிலும் இரண்டு இன்ச் புது மண் இருக்கும், அது போதும். ஒரேயடியாக 24 இன்ச் டிரம்முக்குப் போனால் வேர் எட்டாத மண்ணில் தண்ணீர் நின்று புளிக்கும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு நார்த்தூள் என்று கலந்து 12 லிட்டருக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி உப்பலான தொட்டியை வாங்காதீர்கள். தண்டின் கழுத்து பழைய தொட்டியில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில், விளிம்புக்கு இரண்டு விரல் கீழே இருக்க வேண்டும். சுற்றிலும் மண்ணைச் சிறிது சிறிதாகப் போட்டு, குச்சியால் லேசாகக் குத்தி இடைவெளியை நிரப்புங்கள். கையால் அழுத்தித் திணித்தால் இவ்வளவு நேரம் காப்பாற்றிய வெளிப்படல வேர் நசுங்கும். அடியில் வடியும்வரை பூவாளியால் தண்ணீர் விடுங்கள்.

மாற்றிய பிறகு செடிகள் வாடுவதற்குப் பெரும்பாலும் காரணம் வேர் கிழிந்தது அல்ல. தண்ணீர் தவறான இடத்துக்குப் போவதுதான். புது மண் ஈரமாக இருக்கும், விரலை விட்டுப் பார்த்தால் ஈரம்தான் படும். ஆனால் வேர் இன்னும் பழைய கட்டிக்குள்தான் இருக்கிறது, அது ஒரே நாளில் உறிஞ்சிக் காய்ந்துவிடும். முதல் மூன்று வாரம் தண்ணீரைத் தண்டை ஒட்டிப் பழைய மண்ணின் மேல் ஊற்றுங்கள். ஒரு ஊதுவத்திக் குச்சியைப் பழைய கட்டியில் நான்கு விரல் ஆழத்துக்குச் செருகி எடுத்துப் பாருங்கள். மண் ஒட்டி வந்தால் இன்று தண்ணீர் வேண்டாம், சுத்தமாக வந்தால் ஊற்றுங்கள்.

ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்து, பிறகு பழைய இடத்துக்கு மாற்றலாம். ஒரு மாதத்துக்கு உரம் எதுவும் வேண்டாம். முதல் வாரத்தில் அடியிலுள்ள பழைய இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. நுனிக் குருத்து கருத்தாலோ, தண்டின் தோலை நகத்தால் கீறினால் உள்ளே பச்சைக்குப் பதில் பழுப்பு தெரிந்தாலோதான் வேரில் பெரிய அடி. அப்போது தண்ணீரைக் குறைத்து, பச்சை தெரியும் இடம் வரை தண்டை வெட்டிவிட்டுக் காத்திருங்கள். கறிவேப்பிலை அடியிலிருந்தும் வேரிலிருந்தும் துளிர்க்கும் செடி. வேர் காயம்பட்ட இடங்களில் இரண்டு, மூன்று மாதத்தில் தொட்டிக்குள் குட்டிச் செடிகள் முளைப்பதையும் பார்ப்பீர்கள்.